சேலை வெள்ளை என்று நம்பினேன்

ஒரு பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். கண்டியில் ஒரு பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேலாக இதைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கொப்பியில் எழுத வைத்தவன் நான். எழுதாதவர்களை வகுப்பறை வாங்குப் பலகையின் மேல் ஏற்றி நிறுத்தியும் இருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் இப்போது என்னை ஏற்றலாம். முழங்கால் மட்டும்தான் ஒத்துழைக்காது.

ஓய்வு பெற்ற பின் எனக்கு ஒரு பொழுதுபோக்கு வாய்த்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோக்களுக்கு நிறம் சரிசெய்து கொடுப்பேன். தேவாலயத்துக்குள் மாப்பிள்ளை பச்சையாகவும் வெளியே வந்ததும் சிவப்பாகவும் இருந்தால், இரண்டு இடத்திலும் ஒரே மாப்பிள்ளையாக ஆக்கிக் கொடுப்பது என் வேலை. அதற்கென்றே ஒரு நல்ல திரையும் வாங்கினேன். முன் அறையில் யன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, அதன் முன் உட்கார்ந்திருப்பேன். "சயன்ஸ் மாஸ்டர் தவத்துல இருக்கார்" என்று வருகிறவர்களிடம் என் மனைவி சொல்வாள்.

இப்படி இருக்கையில்தான் அந்தக் குறும்படம் என்னிடம் வந்தது. எடுத்தவர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை. முப்பத்தைந்து வயதிருக்கும். கதை சின்னது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருக்கும் ஒரு விதவை, பல வருடமாகப் பேசாமல் இருக்கும் தன் தங்கையைப் பார்க்க ஒரு நாள் புசல்லாவைக்குப் போகிறாள். காலையில் புறப்படுகிறாள், பஸ் ஏறுகிறாள், பின்னேரம் தங்கையின் வாசலில் நிற்கிறாள். படம் முழுக்க ஒரே நாள், ஒரே வெள்ளைச் சேலை.

அந்த ஒரே நாளை நான்கு வார இறுதிகளில் எடுத்தார்கள். மூன்று கமராக்கள். ஒன்று என் நல்ல கமரா. படத்தை வெளிறிய சாம்பல் மாதிரிப் பதிவு செய்து, நிறத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ள இடம் விடும் வகை. மற்றது என் பழைய கல்யாணக் கமரா. அது நிறத்தைத் தானே முடிவுசெய்து பதிந்துவிடும். மூன்றாவது ஒளிப்பதிவாளரின் ஃபோன். அவர் திகனவில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவர். நாற்பது வயது, அமைதியான மனிதர், உம்மாவுடன் கடைக்குப் பின்னாலேயே வீடு. மூன்றையும் இயக்கியது அவர்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு காட்சியும் எடுக்கத் தொடங்கும் முன், நடிப்பவரின் முகத்தருகே ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்து மூன்று வினாடி பதிவுசெய்வார். அட்டை உண்மையான சாம்பல் என்பதால், அதைக் கொண்டு அந்த இடத்து வெளிச்சத்தின் நிறத்தைப் பின்னால் கணக்கிடலாம். முறையான வேலை. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

"என்ன அட்டை மாஸ்டர், இன்னைக்கு எத்தன பேருக்குச் சிவப்பு அட்டை குடுத்தீங்க?"

"எல்லாருக்கும் ஒரே அட்டைதான் சேர்," என்றார் அவரும் சிரித்து. "கலர் பாக்கக்குள்ள உதவும்."

கல்யாண வீட்டில் யாரும் மணமகளின் முகத்தில் அட்டை பிடிப்பதில்லை. நானும் இத்தனை வருடம் அட்டை இல்லாமல்தான் சமாளித்தேன். ஆசிரியை படத்தைத் தொகுத்து அனுப்பியபோது அந்த மூன்று வினாடிகளை வெட்டியிருந்தார். மூலக் கோப்புகள் தனியே ஒரு வன்தட்டில் இருந்தன. நான் அவற்றைத் திறக்கவில்லை.

முதலில் மூன்று கமராக்களின் படத்தையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தேன். வெளிறியதற்கு நிறம் ஏற்றினேன். மற்ற இரண்டின் நிற மிகையைக் குறைத்தேன். மூன்றிலும் இருளும் வெளிச்சமும் ஒரே அளவாக நிற்கின்றனவா என்று கணினி வரைபடத்தில் பார்த்துச் சரிசெய்தேன். அடுத்தது வெள்ளைச் சமநிலை. கணினியில் கண்ணுக்கு மருந்து விடும் குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும். படத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய ஒன்றின் மேல் அதை வைத்து அழுத்தினால், அந்த இடம் சுத்த வெள்ளையாகும்வரை முழுப் படத்தின் நிறத்தையும் அது நகர்த்தும்.

வெள்ளைக்கு எங்கே போவது? எல்லாக் காட்சியிலும் கதாநாயகி வெள்ளைச் சேலையில் நிற்கிறாரே! அழுத்தினேன். என் நல்ல கமராவில் எடுத்த முதல் வாரக் காட்சி மிக அழகாக வந்தது. ஹந்தானைப் பனியில் முகம் கொஞ்சம் குளிர்ந்து, கொழுந்து நல்ல பச்சையாய். அதையே மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றக் காட்சிகளிலும் சேலையில் அழுத்திக்கொண்டே போனேன். இரண்டாம் வாரம் பரவாயில்லை. மூன்றாம் வாரத்தில் கையால் கொஞ்சம் திருத்த வேண்டியிருந்தது. நான்காம் வாரம் வந்ததும் நின்றுவிட்டேன்.

நான்காம் வாரம் பஸ் காட்சி. சேலை முதல் வாரத்தைப் போலவே சுத்த வெள்ளை. ஆனால் முகம் மஞ்சட்காமாலை. யன்னலுக்கு வெளியே தேயிலை முழுக்கக் காய்ந்து கிடக்கிறது.

அந்தக் காட்சிதான் படத்தின் உயிர். பெண் யன்னலைப் பார்த்தபடி தங்கையிடம் சொல்லப் போவதை உதட்டுக்குள் ஒத்திகை பார்க்கிறாள். பக்கத்தில் இருந்த ஓர் உண்மையான பயணி, இவருக்குப் பயணத்தில் குமட்டுகிறது என்று நினைத்து, பையிலிருந்து ஓர் இஞ்சி இனிப்பை எடுத்து நீட்டினார். நடித்தவர் தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். அவர் கதாபாத்திரத்தை விட்டு நகராமல் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். இதைத் திரும்ப எடுக்க முடியாது. பஸ்ஸில் பெரிய கமராவைத் தூக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால், முழுக்க ஃபோனில் எடுக்கப்பட்டது.

ஃபோன்! எனக்கு விடை கிடைத்துவிட்டது. சேலை சரியாக இருக்கிறது, முகம் மட்டும் பிழை. அப்படியென்றால் ஃபோன் முகத்தின் நிறத்தைக் கெடுக்கிறது. ஆசிரியையை வீட்டுக்கு வரச்சொல்லி இரண்டு காட்சிகளையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன்.

"ஐயோ சேர், இது என்ன, சுகமில்லாத ஆள் மாதிரி இருக்காங்களே!"

"ஃபோனில எடுத்தா இப்படித்தான். வெள்ளைச் சமநிலையப் பூட்டாம, தானா மாற விட்டிருப்பார். கெட்டிக்காரர்தான், ஆனா..." என்று இழுத்தேன். அந்த இழுவையை இன்றுவரை என்னால் திரும்ப விழுங்க முடியவில்லை.

ஆசிரியை திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அடுத்ததா பெருசா ஒன்னு எடுக்கப் போறோம் சேர். அதுக்கும் இவரைத்தான் கேக்கலாம்னு இருந்தேன். இப்படின்னா யோசிக்கணும்."

"யோசியுங்க," என்றேன்.

அடுத்த நாள் ஒளிப்பதிவாளர், அந்தத் திகனக்காரர், எனக்கு அழைத்தார். அவர் வீட்டுப் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி', 'இருந்தால்' என்பது 'ஈந்தா'. "சேர், நான் எல்லாத்தையும் பூட்டித்தான் எடுத்தன். அட்டையும் பிடிச்சீக்கி. ஒருக்கா ஒரிஜினலப் பாருங்களேன்."

"பாக்கிறேன் பாக்கிறேன்," என்றேன். பார்க்கவில்லை. அட்டை பிடித்தவர் பக்கம் நியாயம் இருந்துவிடுமோ என்ற பயம் எனக்குள் அப்போதே இருந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் என் மனைவி தேநீருடன் அந்த அறைக்குள் வந்தாள். பொதுவாக வரமாட்டாள். திரையில் முதல் வாரக் காட்சியும் நான்காம் வாரக் காட்சியும் நின்றன. அவள் தேநீரை வைக்காமல் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இது என்ட சாரிதானே?"

அவளுடையதுதான். எங்கள் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை பெற்ற நாளுக்கு வாங்கியது. அலுமாரியில் கிடந்ததைப் படத்துக்குக் கொடுத்திருந்தாள்.

"ஓம்."

"இது முதல் வாரம் எடுத்தது. இது கடைசி வாரம். சரியா?"

"சரி."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு!"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்," என்றேன் பெருமையாக.

"என்னத்துக்கு இருக்கீங்க? குடுக்கும்போது சாரி பழுப்பா இருந்திச்சு. பழுப்புச் சாரியக் குடுத்தோமேன்னு எனக்கு வெக்கமாப் போச்சு. ஒவ்வொரு கிழமையும் சேறோட வரும். நானும் ஒவ்வொரு தரமும் நீலம் போட்டுக் கழுவி அனுப்பினேன். கடைசித் தரம் ரெண்டு சொட்டுக் கூடவே போட்டேன். என்ன பளிச்சுன்னு இருந்திச்சு தெரியுமா! மூணு தரம் நான் கழுவினது எங்க போச்சு?"

நான் தேநீரைக் கேட்டு வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டேன்.

அவள் கழுவியது எங்கே போனது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முகத்துக்குள் போயிருந்தது. முதல் வாரம் சேலை பழுப்பு. அதை வெள்ளையாக்கக் கணினி படம் முழுக்க நீலத்தைக் கூட்டியது. கடைசி வாரம் சேலையில் நீலம். அதை வெள்ளையாக்க, படம் முழுக்க நீலத்தைக் குறைத்தது. நீலம் குறைந்தால் மஞ்சள்தான் மிஞ்சும். சேலை இரண்டிலும் வெள்ளையாக நின்றது, நான் அதைப் பிடித்து நிறுத்தியதால். பழியை முகமும் தேயிலையும் சுமந்தன. அவற்றோடு திகனவில் ஒரு மனிதரும் சுமந்தார்.

பிழை ஃபோனில்தானோ என்ற சந்தேகத்தை இன்னும் ஒருமுறை கட்டிப்பிடித்துப் பார்த்தேன். நான்காம் வாரத்தில் என் நல்ல கமராவில் எடுத்த காட்சி ஒன்றே ஒன்று இருந்தது. பெண் பஸ்ஸை விட்டு இறங்குவது. அது இரண்டு வினாடிதான் என்பதால் அவசரமாகக் கடந்து போயிருந்தேன். இப்போது நிறுத்திப் பார்த்தேன். அதே மஞ்சட்காமாலை. என் கமராவில். அதாவது கமராவும் மாறியது, சேலையும் மாறியது, நான் கமராவை மட்டும் பிடித்துத் தண்டித்தேன். வாங்கில் ஏறி நிற்கவேண்டிய பிழை.

மூலக் கோப்புகளைத் திறந்தேன். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அந்தச் சாம்பல் அட்டை பொறுமையாகக் காத்திருந்தது. அதில் அழுத்தினேன். ஃபோனோ பெரிய கமராவோ, முகங்கள் எல்லாம் ஒரே பெண்ணின் முகமாயின. இப்போது சேலைதான் நான்கு வாரத்துக்கு நான்கு வெள்ளையாக நின்றது. அதற்கு வழி இருக்கிறது. சேலையை மட்டும் தனியே தெரிவுசெய்து, முகத்தைத் தொடாமல், அதன் நீலத்தையும் பழுப்பையும் ஒரு நடுவெள்ளைக்கு இழுத்தேன். கடைசியாக, படம் முழுக்க ஒரே மாதிரி ஒரு மெல்லிய குளிர்ச்சியைப் பூசினேன். பஸ் காட்சி அழகாக வந்தது. இஞ்சி இனிப்பை நீட்டிய கையின் மாநிறம்கூடச் சரியாக வந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். கோப்பை அனுப்பியதும் ஆசிரியை அழைத்தார்.

"சேர்! எப்படி சேர் மீட்டீங்க? பழுதாப் போனதுன்னே நினைச்சேன்!"

வாயில் வந்த சொல் ஒன்று. வெளியே போனது வேறு. "கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான்," என்றேன்.

அவ்வளவுதான் என் பொய். சின்னதுதான். கஷ்டப்பட்டதும் உண்மைதான். ஆனால் யார் விளைவித்த சேதத்தை மீட்டேன் என்று நான் சொல்லவில்லை. பின்னேரம் திகனக்காரரே அழைத்து நன்றி சொன்னார். "பெரிய உதவி சேர்," என்றார். அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மனைவி மட்டும் சும்மா இருக்கவில்லை. "அப்ப நீலத்தால வந்த வினைன்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

"என்னைய மாட்டிவிடப் பயமா? சொல்லுங்க, நான் கழுவினேன்னு நானே கையெழுத்து வெச்சுத் தாறேன்."

"நேரம் பாத்துச் சொல்றேன்."

"நேரம் பாக்க நீங்க என்ன சாத்திரக்காரரா?"

நேரம் பார்க்கப் பார்க்கப் படம் திரையிடும் நாள் வந்துவிட்டது. நகரில் ஒரு சிறிய மண்டபம், பின்னேரக் காட்சி. திகனக்காரர் உம்மாவைக் கூட்டிவந்திருந்தார். உம்மா வெளிர்ப்பச்சை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு முன் வரிசைக் கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து பெயர்கள் வந்தன. ஒளிப்பதிவு என்று மகனுடைய பெயர். உம்மாவின் முகம் மலர்ந்தது. அடுத்த பெயர் அட்டையில், முழுத்திரையில், என் பெயர் மட்டும்: 'நிறச்சீரமைப்பும், பழுதடைந்த ஃபோன் காட்சிகளை மீட்டலும்.'

ஆசிரியை எனக்குத் தெரியாமல், அன்பாகச் செய்திருந்தார். போதாததற்கு மேடையேறி, "ஃபோனில எடுத்ததெல்லாம் நிறம் கெட்டுப் போயிருந்திச்சு. சேர் இல்லாட்டி படமே இல்ல," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கைகூப்பித் தலை குனிந்தேன். குனிந்த தலையின் ஓரத்தில், உம்மா மகனின் பக்கம் திரும்பி ஏதோ கேட்பதும், அவர் ஒன்றுமில்லை என்று கையசைப்பதும் தெரிந்தது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் என் மனைவி வாய் திறந்தாள். "நல்லாத்தான் கும்பிட்டீங்க. என்ட நீலத்துக்கும் சேத்து."

மறுநாள் காலை திகனவுக்கு பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம், படத்தில் அந்தப் பெண் செய்தது மாதிரியே, சொல்லப் போவதை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன். யாரும் இனிப்புத் தரவில்லை.

கடையில் அவர் ஒரு ஃபோனின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காராமலே சொல்லத் தொடங்கினேன். சேலை, நீலம், அட்டை, என் கமராவில் வந்த அதே மஞ்சள், எல்லாவற்றையும். அவர் திருகாணியைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"தெரியும் சேர்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நீலம் தெரியாது. ஆனா என்ட ஃபோன்ல பிழையில்லன்னு தெரியும். எடுத்த அன்னைக்கே வீட்டு டிவில போட்டுப் பாத்தன். உம்மாவும் பாத்தா. நல்லாத்தான் ஈந்திச்சு."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னன்தானே சேர். ஒரிஜினலப் பாருங்கன்னு. அதுக்கு மேல எப்பிடிச் சொல்றது? நீங்க பெரியவர்." பிறகு மெல்லச் சிரித்தார். "அட்டை மாஸ்டர்னு பேரு வெச்சதும் நீங்கதான்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அங்கேயே ஆசிரியைக்கு அழைத்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, திகனக்காரர் முன்னாலேயே எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன்.

"சேர், பெரிய படத்துக்கு வேற ஒருத்தர்கிட்ட பேசிட்டேனே," என்றார் ஆசிரியை.

"அதை மாத்தணும்மா. நான் கேக்க உரிமையில்ல. ஆனாலும் கேக்கிறேன்."

"பேசினதுதான். முடிவு பண்ணல. இவரைத்தான் எடுப்பேன்." குரல் கொஞ்சம் இறுகியது. "ஆனா சேர், அந்தப் பெயர் அட்டைய நீங்கதான் மாத்தித் தரணும். உங்க கையாலேயே."

திகனக்காரர் ஃபோனை வாங்கி, "பெரிய படத்துக்கும் கலர் சேரே பாக்கட்டும்," என்றார். "நான் பிடிக்கிற அட்டைய வெட்டாம அனுப்புங்க. அவ்வளவுதான்."

"சாரியக் கழுவுறது யாரு?" என்றார் ஆசிரியை. மூவரும் சிரித்தோம். நான் சிரித்தது கொஞ்சம் பிந்தித்தான்.

பெயர் அட்டையை மாற்றினேன். மீட்டல் என்ற சொல்லை எடுத்தேன். என் பெயரைச் சிறிய எழுத்தில் மற்றவர்களோடு சேர்த்தேன். உடைப் பராமரிப்பு என்று என் மனைவியின் பெயரைப் போட்டேன். அவள் அதை வாசித்துவிட்டு, "எழுத்து இன்னும் கொஞ்சம் நீலமா இருக்கலாம்," என்றாள்.

திருத்திய படத்தை நானே திகனவுக்குக் கொண்டுபோனேன். கடைக்குப் பின்னால், வீட்டு டிவியில் உம்மா முழுதும் பார்த்தார். கடைசியில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டாமல், நிதானமாக வாசித்தார். மகனுடைய பெயருக்குப் பின்னால் பழுது என்ற சொல் வராததைக் கவனித்திருப்பார்.

"அன்னைக்கே இப்பிடி வந்தீந்தா நல்லம்," என்றார் என்னைப் பார்த்து. கோபமில்லை. உள்ளதைச் சொன்னார்.

"ஓம்," என்றேன். அந்த மண்டபத்தையும் அந்த முன் வரிசையையும் எந்தக் கணினியாலும் திரும்ப எடுக்க முடியாது.

உம்மா உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன்.

"சீனி கூடவா?" என்று கேட்டார்.

"இல்ல, சரியா இருக்கு," என்றேன் பழக்கத்தில். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கூடத்தான். எனக்கு நீரிழிவு வருத்தம்," என்று திருத்திச் சொன்னேன்.